கோளாறா இருந்துக்க, அப்புனு!

வாடா அப்புனு, உக்காரு. கம்பெனியில உனக்குக் கப்பு குடுத்தாங்களாமே? உங்கம்மா காலையிலிருந்து நாலு ஊட்டுக்கு அதைத் தூக்கிட்டுப் போய்க் காட்டிட்டு வந்துட்டா. பன்னெண்டு வருசமா ஒரே கிரைண்டிங் மிசின் முன்னாடி நின்னதுக்கு மெச்சிக் குடுத்ததாம். ரொம்ப நல்லது. கப்பு பித்தளையா, வெறும் முலாமா? சுரண்டிப் பாத்தியா? பித்தளையா இருந்தா பத்திரமா வெய்யி. பின்னாடி எடைக்குப் போட உதவும்.

மொறைக்காதே. தாத்தன் சித்த நேரம் பேசறேன். வேலைக்கு நேரமாச்சுன்னு சொல்லாதே; இப்பத்தான் உனக்கு மூணாவது சிப்ட்டே இல்லியே.

நீ ஊட்டுக்கு வந்து சொல்றதையெல்லாம் நான் காது கேக்காத மாதிரிதான் கேட்டுக்கிட்டிருக்கறேன். ஞாயித்துக்கெழமை ஓ.டி. நின்னுச்சு. கறி எடுத்தாற ஆள் ஆச்சுன்னு உங்கம்மா சந்தோசப்பட்டா. மூணாவது சிப்ட்டு நின்னுச்சு. ரவைக்கு ஊட்டுல இருக்கறேன்னு உன்ற பொண்டாட்டி சந்தோசப்பட்டா. அப்ரண்டிஸ் பசங்க வருசம் முடிஞ்சு போனாங்க, புதுசா ஒருத்தனும் வரலே. மிசின்கிட்ட நசநசப்பு இல்லேன்னு நீ சந்தோசப்பட்டே. இப்படி ஊடே ஒட்டுக்கா சந்தோசமா இருக்கையில எனக்கு மட்டும்தான் வவுத்தக் கலக்குது.

உன்ற கம்பெனி என்ன பண்ணுது? பெட்ரோல் டூவீலருக்குக் கிராங்க் ஷாஃப்ட். கரண்டு வண்டியைக் கவுத்துப் போட்டுத் தேடு. கிராங்க் ஷாஃப்ட் கெடைக்காது. பிஸ்டன் கெடைக்காது, வால்வு கெடைக்காது, சைலன்சர் கெடைக்காது. நாளைக்கே எல்லாம் போயிருமுன்னு நான் சொல்லலே. இன்னிக்கும் பத்து டூவீலர் வித்தா அதுல ஒண்ணுகூட முழுசாக் கரண்டு வண்டி இல்லே. ஆனா மூணு சக்கர வண்டியைப் பாரு. ஈ-ரிக்‌ஷாவையும் சேத்துக்கிட்டா, விக்கறதுல பாதிக்கு மேல கரண்டுதான். மொதலாளி இன்னிக்கு ஓடற வண்டியைப் பாத்து மிசின் வாங்கறதில்லே. இன்னும் அஞ்சாறு வருசம் கழிச்சு எது ஓடும்னு பாத்துத்தான் முட்டுவழி போடுவான். உன்ற தொழில் ரோட்டுல சாகறதுக்கு முன்னாடி அவன் செக் புக்குல செத்துப் போயிருக்கும்.

ஓ.டி. நிக்கறதும் சிப்ட்டு கொறையறதும் வெறும் மந்தமாவும் இருக்கலாம். தீவாளி தாண்டினா வண்டி விக்கறது கொறையும், தை பொறந்தா நிமிரும். மந்தமா, முடிவான்னு தெரிஞ்சுக்க ரெண்டு விசயத்தைப் பாரு. ஒண்ணு, போன ரெண்டு வருசத்துல உன்ற லைனுக்குப் புது பார்ட் சாம்பிள் ஏதாவது ஓடுச்சா? புது ஆர்டர் வரோணும்னா மொதல்ல புது டிராயிங் வரும், சாம்பிள் ஓடும், வண்டிக் கம்பெனிக்காரன் வந்து ஆடிட் பண்ணுவான். அது எதுவுமே இல்லாம பழைய பார்ட்டே ஓடுதுன்னா, அந்த வண்டி மாடல் நிக்கற அன்னிக்கு உன்ற லைனும் நிக்கும். ரெண்டாவது, மிசின்ல ஸ்பிண்டில் போச்சுன்னா புதுசு வாங்கறாங்களா, இல்லே பக்கத்துல சும்மா நிக்கற மிசின்ல கழட்டி மாட்டறாங்களா? போன மாசம் நீயே சொன்னே, “ஆறாம் நம்பர் மிசினைப் பிரிச்சு நாலாம் நம்பருக்குப் போட்டோம், அப்பாரு, ஒரே நாள்ல வேலை முடிஞ்சுது”ன்னு. எம்பட பேரன் எவ்வளவு கெட்டிக்காரன்னு அன்னிக்கு ரவைக்கு எனக்குத் தூக்கமே வரலே.

சேதி முன்கூட்டியே தெரிஞ்சா பொழச்சுக்குவேன்னு சொல்றவன் பூரா, தெரிஞ்சும் அசையறதில்லே. கார்புரேட்டர் கதையைக் கேளு. 2016 ஜனவரியிலேயே கவுருமெண்டுல சொல்லிட்டாங்க, 2020 ஏப்ரல் ஒண்ணாந் தேதியிலிருந்து எல்லா வண்டியும் பி.எஸ். 6 தரத்துல இருக்கோணும்னு. பெட்ரோலைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத் தெளிச்சா அந்தப் பொகைக் கணக்கு லேசா ஒத்து வரும். அதனால டூவீலர்ல பெரும்பாலும் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துருச்சு. முழுசா நாலு வருசம் டயம் குடுத்தாங்க. பேப்பர்ல வந்துச்சு. அந்தப் பேப்பர்ல வடையை எண்ணெய் ஒத்தித் தின்னவங்க எத்தனையோ பேரு.

நம்ம ஒறம்பறையில மாமன் மச்சான் ரெண்டு பேரு கார்புரேட்டர் ஜெட் போடற பட்டறையில இருந்தாங்க. ஜெட்டுன்னா பித்தளையில சுண்டு விரல் நகத்துல பாதி இருக்கும். நடுவுல ஊசி முனையாட்டம் ஓட்டை. அந்த ஓட்டை கொஞ்சம் எச்சாப் போனா வண்டி பெட்ரோல் குடிக்கும், கொறைஞ்சா இழுக்காது. மாமனைக் கேட்டா, “நான் ஜெட் போடறவன்”ம்பாரு. மச்சானைக் கேட்டா, “சின்னச் சாமான்ல சன்ன ஓட்டை போட்டு, அளந்து, பிசிறில்லாம எடுத்துக் குடுப்பேன்”ம்பான். வேலை ஒண்ணுதான், சம்பளம் ஒண்ணுதான். பட்டறைக்கு டிரில் சப்ளை பண்ற பையன் ஒருத்தன் வருவான். மச்சான் அவனுக்கு டீ வாங்கிக் குடுத்து, “இதே சைசு டிரில்லு வேற யாரு வாங்கறாங்க?”ன்னு கேட்டு வெச்சுக்கிட்டான். கேஸ் அடுப்புச் சாமான் பண்ற எடம், ஸ்பிரேயர் நாசில் பண்ற எடம்னு நாலு பேரு கெடச்சுது. அதுல ஒரு எடத்துக்கு 2019-லயே போயிட்டான். மாமன் 2020 மார்ச்சு வரைக்கும் நேர்மையா ஜெட்டு போட்டாரு. அப்பறம் பட்டறை மூடுச்சு, கூடவே ஊரே மூடுச்சு, கொரோனா. எல்லாந் தொறந்தப்ப அவரு கையில ஒரு தொழில் இருந்துச்சு, அதைக் கேக்கத்தான் ஆள் இல்லே.

இப்ப உன்ற கதைக்கு வருவோம். நீ யாருன்னு கேட்டா என்ன சொல்றே? “கிராங்க் ஷாஃப்ட் கிரைண்டிங் ஆப்பரேட்டர்.” இப்படிச் சொன்னா மாமன் வரிசையிலதான் உக்காரோணும். நீ என்ன பண்றேன்னு நானே சொல்றேன், தப்புன்னா திருத்து. ஷாஃப்ட்டுல பேரிங் உக்கார்ற எடத்தைப் பத்துப் பதினஞ்சு மைக்ரானுக்குள்ள நிக்க வெக்கறே. கரண்டு வண்டி மோட்டருக்குள்ள ரோட்டார் ஷாஃப்ட்டுன்னு ஒண்ணு சுத்துது. அதுவும் ரெண்டு பக்கமும் பேரிங்குலதான் உக்காருது. அங்கயும் மைக்ரான்தான், அங்கயும் கிரைண்டிங்தான். பம்பு செட்டு ஷாஃப்ட்டுக்கும் இதேதான். கோயமுத்தூர்ல பம்புக்கும் மோட்டருக்கும் எந்தக் காலத்துல பஞ்சம் வந்துச்சு? சாமான் செத்தாலும் செய்மொறை சாகலே. ஆனா அந்தச் செய்மொறை உன்ற கையில இருக்குதா, மிசின் கையில இருக்குதாங்கறதுதான் கேள்வி.

பட்டனை அமுக்கறவனுக்கும் செட்டிங் பண்றவனுக்கும் நடுவுலதான் கோடு. நாளைக்குக் காலையில நீயா ஒரு பரிச்சை வெச்சுப் பாரு. வீல் தேஞ்சு புது வீல் மாட்டறாங்க. அதை நீயே பேலன்ஸ் பண்ணி, டைமண்டு போட்டு டிரெஸ் பண்ணி, ஆஃப்செட் குடுத்து மொதல் பீசை எடுக்க முடியுமா? பீசோட ரெண்டு முனையையும் அளக்கறே, ஒரு பக்கம் ஆறு மைக்ரான் எச்சா இருக்குது. டேப்பரை எங்க திருத்தோணும்னு தெரியுமா? மேலே அலை அலையாக் கோடு விழுகுது. வீல் பேலன்சா, சென்டரா, ஸ்பிண்டிலான்னு ஒவ்வொண்ணா விலக்கிப் பாக்கத் தெரியுமா? ஆசிட்டுல முக்கிப் பாத்தா பேரிங் சீட்டுல கருப்பாத் திட்டு தெரியுது, பீசு கருகியிருக்குது. வீல் மழுங்கியிருக்கலாம், கூலன்ட் சரியான எடத்துல விழுகாம இருக்கலாம், ஃபீடு எச்சா இருக்கலாம். எதை மொதல்ல பாப்பே? “அதுக்கெல்லாம் செட்டர் அண்ணன் வருவாருங்க”ன்னு சொன்னீன்னா, கப்பை உன்கிட்டருந்து வாங்கி அந்தச் செட்டர் அண்ணன் கையில குடுத்துரு.

அவரு ரிட்டையர் ஆகறதுக்குள்ள அவரோட வால் புடிச்சுக்க. மொதல் பீசு எடுக்கையில கூட நில்லு. ஒரு நாலு மாசம் பக்கத்துல நின்னீன்னா கைக்கு வந்துரும். இதுக்குக் கம்பெனி காசு கேக்காது. மிசின் சும்மா நிக்கற நாள்ல கத்துக்கோணும். ஓட்டமா ஓடற காலத்துல யாரும் உன்னைத் தொட விட மாட்டாங்க. அதனாலதான் சொல்றேன், இந்த மந்தம் உனக்கு வந்த வரம். அதைப் போயி போன்ல ரம்மி ஆடிக் கழிக்கறியே.

அதுக்கு மேல ரெண்டு விசயம் கத்துக்க, மூணாவது வேண்டாம். ஒண்ணு, டிராயிங். அளவு மட்டும் பாத்தாப் போதாது. ரன் அவுட், வட்டம், உருளைத்தன்மைன்னு பெட்டி பெட்டியாக் குறி போட்டிருக்குமே, அது ஒவ்வொண்ணும் எந்த முனையை வெச்சு எதை அளக்கச் சொல்லுதுன்னு புரியோணும். ரெண்டு, அலுமினியம். கரண்டு வண்டி மோட்டர் கூடு, கன்ட்ரோலர் பெட்டி பெரும்பாலும் அலுமினியம் வார்ப்புதான்; அதை வி.எம்.சி. மிசின்ல குடையறாங்க. இரும்புல பழகின கையிக்கு அலுமினியம் வேற மாதிரி. டூல் முனையில அப்பிக்கிட்டு வழவழப்பைக் கெடுக்கும், சூட்டுல விரிஞ்சு நிக்கும். சூடா இருக்கையில அளந்து சரின்னு அனுப்பினது ஆறினதும் சின்னதாகித் திரும்பி வரும். தமிழ்நாட்டுல 71 அரசு ஐ.டி.ஐ.களுக்குப் புது மிசின் எல்லாம் போட்டுக் குடுத்திருக்காங்க. நம்ம பக்கத்துல இருக்கறதுல குறுகிய காலப் பயிற்சி எப்ப, எந்த நேரத்துலன்னு ஒரு எட்டு போய்க் கேளு. சர்டிபிகேட்டைச் செவுத்துல மாட்டறதுக்காகப் போகாதே. மிசினைத் தொட விடறாங்களான்னு கேட்டுட்டுச் சேரு. தொட விடாத எடத்துல சர்டிபிகேட் மட்டும் ஜோரா இருக்கும்.

ஒரு நாப்பது பக்க நோட்டும் வாங்கிக்க. என்ன மிசின், என்ன கன்ட்ரோல், எந்த அளவுல நிக்க வெச்சேன், என்ன கோளாறு வந்துச்சு, எப்படித் தீத்தேன், ரிஜக்‌ஷன் எத்தனையிலிருந்து எத்தனைக்கு எறங்குச்சுன்னு எழுதி வெய்யி. வேற கம்பெனியில உக்காத்தி வெச்சுக் கேக்கையில, “பன்னெண்டு வருச அனுபவமுங்க”ன்னு சொன்னா எதுக்க இருக்கறவன் கொட்டாவி விடுவான். “பீசு கருகிக்கிட்டே இருந்துச்சு, கூலன்ட் நாசிலைத் திருப்பி வெச்சு, டிரெஸ்ஸிங் இடைவெளியைக் கொறைச்சேன், நின்னு போச்சு”ன்னு சொன்னா அவன் நிமிந்து உக்காருவான். அவன் ஷாப்புலயும் அன்னிக்குக் காலையில கருகியிருக்கும். ஆனா டிராயிங்கைப் போட்டோ புடிச்சு வெச்சுக்காதே. அது கம்பெனிச் சொத்து. உன்ற புத்தி மட்டும்தான் உன்ற சொத்து. அதுல இப்பத்திக்கி எடம் நெறைய காலியா இருக்குது.

அடுத்தது மனுசங்க. உன்ற போன்ல எண்ணூறு நம்பர் இருக்குதுன்னு பீத்திக்கறே. காலையில எந்திரிச்சதும் அத்தனை பேருக்கும் ரோசாப்பூப் படம் போட்டு “இனிய காலை வணக்கம்” அனுப்பறே. அதுல ஒருத்தன்கூடத் தொறந்து பாக்கறதில்லே கண்ணு, நானே பாக்கறதில்லே. அந்தப் பூவையெல்லாம் கட்டி வித்திருந்தா ஒரு சைடு வருமானமாவது ஆயிருக்கும்.

உனக்கு வேணும்கறது பன்னெண்டு பேரு. அந்தப் பன்னெண்டு யாருன்னு சொல்றேன். உன்கூட வேலை பாத்துட்டு ஓசூர்ப் பக்கம் கரண்டு வண்டிக் கம்பெனிக்கோ பம்புக் கம்பெனிக்கோ போனவங்க நாலு பேரு. உங்க கம்பெனிக்கு வீலும் டூலும் விக்க வர்ற பசங்க மூணு பேரு. மிசின் ரிப்பேருக்கு வர்ற சர்வீஸ் இன்ஜினியர் ரெண்டு பேரு. கேஜ் காலிபரேசனுக்கு வர்றவரு ஒருத்தரு. உன்ற பழைய சூப்பர்வைசர் ஒருத்தரு. பீசைப் பாத்து மொகஞ் சுளிக்கறானே வண்டிக் கம்பெனி இன்ஸ்பெக்டர், அவன் ஒருத்தன். நீ அவனைத் திட்டாத நாளில்லே. ஆனா உன்ற கை சுத்தத்தை அவனாட்டம் அளந்து பாத்தவன் வேற யாரு?

இதுல டூல் விக்கற பையனையும் சர்வீஸ் இன்ஜினியரையும் எளப்பமா நெனைக்காதே. எச்.ஆர். ஆபீசுக்கு ஆள் வேணும்னு தெரியறதுக்கு மாசக்கணக்குல முன்னாடியே அவனுங்களுக்குத் தெரிஞ்சிரும். புது லைன் போடறவன் மொதல்ல மிசினுக்குக் கொட்டேசன் கேப்பான், அப்பறம் வீலுக்கும் டூலுக்கும் கேப்பான், கடைசியாத்தான் மனுசனுக்கு வெளம்பரம் போடுவான். எந்தக் கம்பெனி மிசின் வாங்குது, எந்தக் கம்பெனி வீல் வாங்கறதைப் பாதியாக் கொறைச்சிருச்சு, எவன் பில்லுக்குத் தொண்ணூறு நாள் இழுத்தடிக்கறான்கறதெல்லாம் அவனுங்க நோட்டுல இருக்குது. அவனுங்க வந்தா நீ என்ன பண்றே? “ஸ்டோர்ஸ்ல போய்ப் பாருங்க”ன்னு தாட்டி விடறே.

பன்னெண்டு பேரு, வாரத்துக்கு ஒருத்தரு. மூணு மாசத்துல எல்லாத்தையும் ஒரு சுத்து பேசிரலாம். பேசறப்ப, “வேலை ஏதாவது இருக்குதுங்களா?”ன்னு ஆரம்பிக்காதே, கடன் கேக்க வந்தவனைப் பாத்த மாதிரி போனை வெச்சிருவாங்க. “உங்க லைன்ல ரோட்டார் ஷாஃப்ட் எந்த மிசின்ல ஓட்டறீங்க? கருகல் பிரச்சனை வருதுங்களா?”ன்னு கேளு. தொழில்காரன்கிட்டத் தொழில் பேசினா ஒரு மணி நேரம் விட மாட்டான். அவங்களுக்கு உன்னால ஆகறதைக் கேக்காமயே செய்யி. ஓசூர்ல இருக்கறவனுக்கு ஒரு வெல்டர் வேணும்னா, நம்மூர்ப் பையனைச் சொல்லி விடு. வீல் விக்கற பையன் கொண்டாந்த சாம்பிள் வீலைப் போட்டுப் பாத்துட்டு, எத்தனை பீசு தாங்குச்சுன்னு நேர்மையா ஒரு கணக்கு சொல்லு. அது அவனுக்குத் தங்கம். நோம்பிக்குக் கூப்புடு. கல்யாணப் பத்திரிகை வந்தாப் போயித் தலையைக் காட்டு. மொய்யிக்குக் கணக்குப் பாக்காதே. நீ வெச்சதெல்லாம் திரும்பி வராது, பாதி வந்தாலே எச்சு.

எல்லாம் இப்பவே எதுக்கு, வேலை போனாப் பாத்துக்கலாம்னு வாய்க்குள்ள சொல்றது எனக்குக் கேக்குது. மறைமலைநகர் ஃபோர்டு கார்க் கம்பெனியைப் பாரு. 2021 செப்டம்பர்ல மூடப் போறோம்னு சொன்னாங்க, 2022 ஜூலையில கடைசிக் கார் வெளியே வந்துச்சு. பத்து மாசம் இருந்துச்சு. ஆனா சேதி வந்த அன்னிக்கே ரெண்டாயிரத்துக்கு மேல ஆளுங்க, ஒரே மாதிரிக் கைத்தொழில் வெச்சிருக்கறவங்க, ஒட்டுக்கா வேலை தேடற நெலமைக்கு வந்தாச்சு. அப்படி ஒரு நாள்ல நீ போன் பண்ற அதே வீல் விக்கற பையனுக்கு உங்க லைன்ல இருக்கற அத்தனை பேரும் போன் பண்ணுவாங்க. அவன் எடுக்கறது யாரோட போனை? போன வாரம் பேசினவனோடதை.

காசுக் கணக்கும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். ஆட்குறைப்புன்னு வந்தா, 1947-ஆம் வருசத்துப் பழைய சட்டத்துலயும் சரி, அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டத்துலயும் சரி, முடிச்ச ஒவ்வொரு வருசத்துக்கும் பதினஞ்சு நாள் சம்பளம். உனக்குப் பன்னெண்டு வருசம், அப்ப ஆறு மாசச் சம்பளம். அது போக கிராஜுவிட்டி. மூடற கம்பெனி பெரும்பாலும் வி.ஆர்.எஸ்.னு சொல்லி இதுக்கு மேல பேசிக் குடுக்கும். அந்தப் பேச்சு வர்றப்ப இந்தக் கணக்கைக் கையில வெச்சுக்கிட்டு உக்காரு. அதுக்கு முன்னாடி பி.எஃப். கணக்குல உன்ற பேரு ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்குதா, இப்ப இருக்கற போன் நம்பர்தான் இருக்குதான்னு பாரு. எழுத்து ஒண்ணு மாறியிருந்தாலும், கம்பெனி ஒப்புக்கிட்டாத் திருத்தறது லேசு. மூடின கம்பெனி கேட்டுல போயி கையெழுத்துக் கேட்டா வாட்ச்மேன்கூட இருக்க மாட்டான். இன்னொண்ணு, சம்பளம் ஏத்தாம திடீர்னு “ஜூனியர் ஆபீசர்”னு பட்டம் குடுத்தாங்கன்னா உடனே உங்கம்மாகிட்ட ஸ்வீட் வாங்கச் சொல்லாதே. அந்த ஆட்குறைப்புச் சட்டம் தொழிலாளிக்குத்தான். மேப்பார்வைக்காரன்னு காட்டிட்டா, நீ செய்யறது தொழிலாளி வேலைதான்னு நிரூபிக்கறதுக்குக் கோர்ட்டுல உக்காந்திருக்கோணும்.

அவ்வளவுதான். என்னடா, கூச்சமா இருக்குதா? எனக்குத் தெரியும், நீ உங்கப்பனாட்டம். தெரியாத மனுசன்கிட்டப் பேசோணும்னா செவுத்தைப் பாத்துப் பேசுவே. அதனால நானே ஒரு வேலை பண்ணிட்டேன். உங்க கம்பெனிக்கு வீல் விக்க வர்றானே, நீ ஸ்டோர்சுக்குத் தாட்டி விட்ட பையன், அவங்க தாத்தன் மில்லுல என்கூட ரிங் பிரேம்ல நின்னவன். மில்லு மூடின பின்னாடியும் நோம்பிக்கு நோம்பி நானும் அவனும் பேசாம இருந்ததில்லே. ஞாயித்துக்கெழமை மத்தியானம் ரெண்டு பேரும் சாப்பாட்டுக்கு இங்க வர்றாங்க. கோழிக்கு நான் சொல்லிட்டேன். கேள்வியை மட்டும் நீ கேளு. அலமாரியில இருக்கற கப்பை எடுத்துக் காட்டினீன்னா மட்டும் உனக்கு நெஞ்செலும்புதான்.